தவிர்க்க முடியாத காரணங்களால்

‘தவிர்க்க முடியாத காரணங்களால் நிகழ்ச்சி ஒத்திவைக்கப்படுகிறது’ என்று ஒரு அறிவிப்பைப் பார்த்தால் நாம் யாரும் அதை நம்புவதில்லை. மண்டபத்துக்கு முன்பணம் கட்டியிருக்க மாட்டார்கள், இல்லையென்றால் சிறப்பு விருந்தினர் வேறு எங்கோ போய்விட்டார் என்று நாமே முடிவு கட்டிக்கொள்கிறோம். காரணம் இருக்கிறது, ஆனால் உனக்குச் சொல்ல மாட்டேன் என்பதுதான் அந்த வாக்கியத்தின் பொருள். அதே வாக்கியத்தைத்தான் நாங்கள், அதாவது வீட்டிலிருந்து மொழிபெயர்ப்பும் மெய்ப்பும் வடிவமைப்பும் செய்து பிழைக்கிறவர்கள், வேலை கொடுத்தவருக்கு மாதம் ஒருமுறையாவது ஆங்கிலத்தில் எழுதி அனுப்புகிறோம். அவரும் நம்புவதில்லை.

இதைவிட மோசமானது இன்னொன்று இருக்கிறது. அது காய்ச்சல்.

போன வருடம் ஒரு பழைய ரசீதைத் தேடி என் மின்னஞ்சலைத் துழாவிக்கொண்டிருந்தேன். அனுப்பியவற்றில் ‘ஃபீவர்’ என்று தேடினால் எத்தனை வரும் என்று ஒரு விபரீத ஆசை வந்தது. ஒரே ஆண்டில் ஆறு. அந்த ஆண்டில் எனக்கு உண்மையிலேயே காய்ச்சல் வந்தது ஒருமுறைதான். மற்ற ஐந்தும் ஆறாம் வகுப்பில் கற்றுக்கொடுத்தது. ‘ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்’ என்ற விடுப்புக் கடிதத்தை மனப்பாடம் செய்யாமல் தமிழ்நாட்டில் யாரும் பள்ளியைத் தாண்டியிருக்க முடியாது. மாமா கல்யாணத்துக்குப் போனாலும் காய்ச்சல், ஊர்த் திருவிழாவுக்குப் போனாலும் காய்ச்சல். எழுதுகிற பிள்ளைக்கும் தெரியும், கையெழுத்துப் போடுகிற அப்பாவுக்கும் தெரியும், வாங்கி வைக்கிற ஆசிரியருக்கும் தெரியும். மூன்று பேரும் சேர்ந்து பொய் என்று அறிந்த ஒரு தாளைக் கோப்பில் வைத்துக்கொள்வதற்கு நாம் வைத்த பெயர் ‘காரணம் சொல்வது’.

நம் தலைமுறை அந்தக் கடிதத்தை அப்படியே வாட்ஸ்அப்புக்குத் தூக்கி வந்துவிட்டது. இந்தக் கட்டுரை அதற்கு எதிரானது. பொய் சொல்வது பாவம் என்பதற்காக அல்ல. அந்தப் பொய் வேலைக்கு ஆகாது என்பதற்காக.

காய்ச்சலுக்கென்று ஒரு நாள்காட்டி உண்டு. அது மூன்று நாள், மிஞ்சிப்போனால் ஐந்து நாள். ஆகவே காய்ச்சல் என்று சொன்னால் மூன்று நாள்தான் கேட்க முடியும். உன் வேலைக்கு உண்மையில் தேவைப்படுவது பன்னிரண்டு நாளாக இருக்கும். மூன்றாம் நாள் முடிந்ததும் என்ன செய்வாய்? லேப்டாப்பைக் கெடுப்பாய். அதற்கு இரண்டு நாள். பிறகு தெருவில் மின்மாற்றியை வெடிக்க வைப்பாய். கடைசியில் உயிரோடு இருக்கிற ஒரு பெரியப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டிவரும். ஒவ்வொரு பொய்க்கும் அதனதன் ஆயுள் இருப்பதால், பெரிய அவகாசத்தை ஒரே தடவையில் கேட்க முடியாமல் துண்டு துண்டாகக் கேட்கிறோம். எதிரில் இருப்பவருக்கு ஒரே தடவை பன்னிரண்டு நாள் தாமதம் என்றால் அச்சகத்தைத் தள்ளிப்போடலாம், பக்கம் போடுகிறவரிடம் வேறு வேலை கொடுக்கலாம். இரண்டு நாள், மூன்று நாள், இரண்டு நாள் என்று வந்தால் எதையும் தள்ளவும் முடியாது, வைத்துக்கொள்ளவும் முடியாது. நம் பொய் அவருடைய நேரத்தையும் சேர்த்துத் தின்கிறது.

ஒரு வேலையை முழுதாகச் சொல்கிறேன். அங்கன்வாடிப் பணியாளர்களுக்கான ஒரு பயிற்சிக் கையேடு. ஒரு தொண்டு நிறுவனம் கொடுத்தது, பெயர் வேண்டாம். ஆங்கிலத்தில் 24,000 சொற்கள், எட்டு அத்தியாயங்கள். முதல் அத்தியாயத்தைப் புரட்டிப் பார்த்தேன். நேரான உரைநடை. அந்த மாதிரி உரைநடையில் நான் ஒரு நாளைக்கு 2,000 சொல் செய்வேன். வகுத்தேன், பன்னிரண்டு வந்தது. “1ஆம் தேதி ஆரம்பிச்சு 12ஆம் தேதி கொடுத்துடறேன் மேடம்” என்றேன். திரும்பப் படித்துச் சரிபார்க்க ஒரு நாள்கூட அந்தக் கணக்கில் இல்லை என்பதைக் கவனியுங்கள். பதினைந்து என்று சொன்னால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும் என்ற பயம் வகுத்தலை முடித்துவைத்தது.

முதல் இரண்டு நாள் 2,000, 2,000. மூன்றாம் நாள் அட்டவணைகளும் உரையாடல்களும் தொடங்கின. ‘ஸ்டன்டிங்’, ‘வேஸ்டிங்’, ‘அண்டர்வெயிட்’ என்று மூன்று சொற்கள். முதலாவது வயதுக்கேற்ற உயரம் இல்லாதது. இரண்டாவது உயரத்துக்கேற்ற எடை இல்லாதது. மூன்றாவது வயதுக்கேற்ற எடை இல்லாதது. மூன்றையும் ‘எடை குறைவு’ என்று தள்ளிவிட்டால் ஒரே நாளில் பத்துப் பக்கம் ஓடும். ஆனால் அதைப் படித்துவிட்டு ஒரு பணியாளர் குழந்தையின் அளவை எந்தக் கட்டத்தில் குறிப்பார்? போதாததற்கு, தாயிடம் கேட்க வேண்டிய கேள்விகள். அவை வாய்விட்டுப் படித்தால் பேச்சாக இருக்க வேண்டும். ‘தாங்கள் தங்கள் சிசுவுக்கு’ என்று ஆரம்பித்தால் அந்தத் தாய் எழுந்து போய்விடுவார். மூன்றாம் நாள் 800 சொல். நான்காம் நாளும் 800.

நான்காம் தேதி இரவு மொத்தம் 5,600. இருக்க வேண்டியது 8,000. இந்த இடத்தில் எல்லோருக்கும் தோன்றுவதுதான் எனக்கும் தோன்றியது: இரவு முழித்துப் பிடித்துவிடலாம். இது சோம்பேறித்தனம் அல்ல, மனிதர்களுக்கே உள்ள ஒரு கோளாறு. டேனியல் கானமனும் அமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979இல் இதற்குத் ‘திட்டமிடல் மயக்கம்’ என்று பொருள்படும் ஒரு பெயரை வைத்தார்கள். 1994இல் வெளியான ஓர் ஆய்வில், ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிடம் எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். சராசரியாக 33.9 நாள் என்றார்கள். எல்லாமே கெட்டுப்போனால் எத்தனை நாள் என்றும் கேட்டார்கள். 48.6 என்றார்கள். உண்மையில் ஆனது 55.5 நாள். எல்லாம் கெட்டுப்போகும் என்று கற்பனை செய்து சொன்ன கணக்கைவிடவும் ஒரு வாரம் அதிகம். ஆகவே தாமதமானவனுக்குத் தோன்றுகிற அடுத்த தேதியும் பொய்தான். அது யாரையும் ஏமாற்ற நினைக்காத பொய், அவ்வளவே.

அதனால் நம்பிக்கையை ஓரமாக வைத்துவிட்டு, மீதமிருந்த பக்கங்களை முதல் தடவையாக முழுதும் புரட்டினேன். ஒன்றாம் தேதியே செய்திருக்க வேண்டிய காரியம். மீதி 18,400 சொல். அதில் உரைநடை 8,800, அட்டவணையும் உரையாடலும் 9,600. உரைநடைக்கு நாலரை நாள். மற்றதற்கு, இரண்டு நாளாக ஓடிய அதே 800 வேகத்தில், பன்னிரண்டு நாள். சரிபார்க்க மூன்று நாள். கூட்டினால் இருபது. 12ஆம் தேதி கொடுக்க வேண்டியது 24ஆம் தேதி முடியும்.

சரியாக இரண்டு மடங்கு. இதை எப்படிச் சொல்வது?

நண்பர்களிடம் கேட்டேன். மூன்று விதமான யோசனை வந்தது. மூன்றையும் நான் எதிர்க்கிறேன்.

ஒருவன் சொன்னான்: “டெங்குன்னு போடுடா. டெங்குன்னா பத்து நாள் யாரும் ஒண்ணும் கேட்க மாட்டாங்க.” நாள்காட்டி பார்த்துப் பொய்யைத் தேர்ந்தெடுக்கிற அளவுக்கு நாம் தேறியிருக்கிறோம். இதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. டெங்கு என்றால் அவர் “உடம்பைப் பாத்துக்கங்க” என்பார். வேலையைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டார். மூன்று சொற்களுக்கும் தமிழில் எதை வைப்பது என்று நான் அவரிடம் கேட்க வேண்டியிருந்தது. காய்ச்சலில் படுத்திருப்பவன் அதைக் கேட்க முடியாது. பொய்க் காரணம் உண்மைக் காரணத்தைச் சரிசெய்யும் வழியையும் அடைத்துவிடுகிறது.

இன்னொருவர், வயதில் மூத்தவர், இந்தத் துறையில் பழம் தின்று கொட்டை போட்டவர். “காரணமே சொல்லாதீங்க தம்பி. சொன்னா பலவீனம். தேதியை மட்டும் சொல்லுங்க, அதான் ப்ரொஃபஷனல்” என்றார். கேட்க கம்பீரமாகத்தான் இருக்கிறது. ஆனால் காரணம் தெரியாத தேதியை எதிராளி எதை வைத்து நம்புவார்? 12 பொய்த்தது போல 24உம் பொய்க்காது என்பதற்கு என்ன ஆதாரம்? அண்ணனின் யோசனை முப்பது வருடப் பெயர் உள்ளவருக்குச் செல்லும். எனக்கு அந்தப் பெயர் இல்லை. மேலும் அது அந்தச் சுவரொட்டி வாக்கியத்தின் கோட் சூட் போட்ட வடிவம்.

மூன்றாவது யோசனை நம் காலத்தையது. மனம் திறந்து எழுது. தூக்கமின்மை, பதற்றம், வாடகை, அப்பாவோடு சண்டை, எல்லாம். இதைச் சொன்ன தோழியை நான் மதிக்கிறேன். அவை எல்லாம் உண்மையாகவே இருக்கலாம். ஆனாலும் அந்தக் கடிதம் வாசிப்பவரின் கையில் ஒரு புதிய வேலையைக் கொடுக்கிறது: என்னை ஆறுதல்படுத்தும் வேலை. ஆறுதல் சொன்ன கையால் “அப்ப எப்ப முடியும்?” என்று அவரால் கேட்க முடியாது. உண்மையைச் சொல்லியே ஒருவரைக் கேள்வி கேட்க முடியாதபடி கட்டிப்போடலாம். அப்போது அந்த உண்மையும் சாக்குதான்.

தமிழில் ‘காரணம்’, ‘சாக்கு’ என்று இரண்டு சொல் இருக்கிறது. வித்தியாசம் உண்மை பொய்யில் இருப்பதாகத்தான் நான் வெகுநாள் நினைத்திருந்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. நான் வைத்திருக்கிற சோதனை இது: எழுதிய காரணத்தை அழித்துவிட்டுப் பார். புதிய தேதி ஆட்டம் காண்கிறதா? ஆட்டம் கண்டால் அது காரணம். அழித்தாலும் தேதி அப்படியே நின்றால் அது இரக்கத்துக்காக எழுதியது. ‘அட்டவணைகள் நாளுக்கு 800தான் ஓடுகின்றன’ என்பதை அழித்தால் 24 என்ற தேதி காற்றில் நிற்கும். ‘எனக்கு ரொம்பக் குற்றவுணர்ச்சியாக இருக்கிறது’ என்பதை அழித்தால் ஒன்றும் ஆகாது. உண்மையான நோய்க்கும் இதே அளவுகோல்தான். ‘மூன்று நாள் கணினி முன் உட்கார முடியாது, ஆகவே மூன்று நாள்’ என்பது முழுமையான காரணம், மருந்துச் சீட்டைப் படம் எடுத்து அனுப்பத் தேவையில்லை. அம்மா தீவிர சிகிச்சையில் இருக்கிறார், எத்தனை நாள் என்று தெரியாது என்றால், தேதி சொல்லவே கூடாது. ‘வியாழக்கிழமை தெரியும், அன்று சொல்கிறேன், அதுவரை காத்திருக்க முடியாவிட்டால் வேறு ஒருவரிடம் கொடுங்கள்’ என்பதுதான் அங்கே நேர்மையாகச் சொல்லக்கூடிய ஒரே விஷயம்.

ஐந்தாம் தேதி காலை நான் அனுப்பியது ஆங்கிலத்தில். தமிழில் சொன்னால் இப்படி வரும்:

‘மேடம், 12ஆம் தேதிக்குள் கையேடு முழுவதையும் என்னால் தர முடியாது. முழுதும் முடிய 24ஆம் தேதி ஆகும். முதல் அத்தியாயத்தை மட்டும் பார்த்துவிட்டு நாள் சொன்னது என் தவறு. மூன்றாம் நாளிலிருந்து வரும் அட்டவணைகளும் உரையாடல்களும் உரைநடையைப் போல ஓடவில்லை, நாளுக்கு 800 சொல்தான் ஆகிறது. மீதியில் பாதிக்கு மேல் அப்படிப்பட்டவைதான். இதுவரை முடிந்த 5,600 சொற்களை இணைத்திருக்கிறேன். முதல் நான்கு அத்தியாயங்களை, சரிபார்த்து, 12ஆம் தேதியே தந்துவிட முடியும். மற்ற நான்கும் 24. உங்களுக்கு எந்தப் பகுதி எந்தத் தேதிக்குக் கட்டாயம் வேண்டும் என்று சொன்னால் வரிசையை மாற்றிக்கொள்கிறேன். வேறு ஒருவருக்குப் பிரித்துக் கொடுப்பதானாலும் சரி, இதுவரை முடிவு செய்த கலைச்சொற்பட்டியலைத் தருகிறேன். இன்று மாலைக்குள் ஒரு பதில் கிடைத்தால் உதவியாக இருக்கும்.’

இதில் தவறு என்ற சொல் ஒரே ஒரு முறை வருகிறது. மன்னிப்பு என்ற சொல் வரவே இல்லை. முதல் வரைவில் மூன்று முறை இருந்தது, எடுத்துவிட்டேன். முடியாது என்பது முதல் வாக்கியத்திலேயே இருக்கிறது, நாலு வரி வானிலை பேசிவிட்டு வரவில்லை. இணைத்த கோப்பு மிக முக்கியம். நான் சொன்ன வேகம் உண்மையா என்று அவர் அதைத் திறந்து பார்த்துக்கொள்ளலாம். காய்ச்சலை இணைப்பில் அனுப்ப முடியாது. ‘போட்டிக்குப் பயந்து பன்னிரண்டு என்றேன்’ என்பதை நான் எழுதவில்லை. அது உண்மைதான், ஆனால் அழித்துப் பார்க்கும் சோதனையில் தேறவில்லை. அது எனக்கு நான் சொல்லிக்கொள்ள வேண்டியது.

எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம் தேதி. இதே கடிதத்தை 11ஆம் தேதி இரவு அனுப்பியிருந்தால் ஒவ்வொரு சொல்லும் உண்மையாக இருந்தும் மொத்தமும் சாக்காகியிருக்கும். ஐந்தாம் தேதி அவர் கையில் ஏழு நாள் இருந்தது.

அவர் பதில் எழுதவில்லை, போன் செய்தார். “என்ன சார், அஞ்சாம் தேதியே சொல்றீங்க? எல்லாரும் கடைசி நாள் சாயங்காலம் போனை ஆஃப் பண்ணிடுவாங்க” என்றார். பிறகு அவரும் ஓர் உண்மையைச் சொன்னார். 12 என்பது அவர்களாகவே முன்னே இழுத்து வைத்த தேதி. முதல் பயிற்சி 16, இரண்டாவது 20. முதல் பயிற்சிக்கு நான்கு அத்தியாயம் போதும். ஆனால் 24 கட்டுப்படியாகாது.

இந்த இடத்தில் என் நேர்மைக்குப் பரிசாக எல்லாம் நல்லபடி முடிந்தது என்று எழுதினால் நானும் விடுப்புக் கடிதம் எழுதுகிறேன் என்று அர்த்தம். ஏழாவது, எட்டாவது அத்தியாயங்களை அவர்கள் இன்னொருவரிடம் கொடுத்தார்கள். எனக்கு வர வேண்டிய பணத்தில் கால்பங்குக்கு மேல் போனது. சொற்பட்டியலை நானே அவருக்கு அனுப்பிவைத்தேன். நான்கு அத்தியாயம் 12ஆம் தேதியும், அடுத்த இரண்டு 19ஆம் தேதியும் கொடுத்தேன். நேர்மை அந்த மாத வாடகையில் துண்டு விழ வைத்தது. டெங்கு சொல்லியிருந்தால் முழுப் பணமும் வந்திருக்குமா? வந்திருக்கலாம். 20ஆம் தேதி பயிற்சிக்கு வந்தவர்கள் கையில் பாதிப் புத்தகம் இருந்திருக்கும்.

இப்போது மேசையின் அந்தப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு. நீங்கள் தேதியை முன்னே இழுத்து வைக்கிறீர்கள், ஏனென்றால் நாங்கள் பொய் சொல்வோம் என்று உங்களுக்குத் தெரியும். நாங்கள் பொய் சொல்கிறோம், ஏனென்றால் உங்கள் தேதி பொய் என்று எங்களுக்குத் தெரியும். இதில் யார் முதலில் ஆரம்பித்தது என்று பேசிப் பயனில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். “முதல் அத்தியாயம் மட்டும் பார்த்தேன், தப்புக் கணக்கு” என்று ஒருவர் ஐந்தாம் நாள் சொன்னால், “இதுகூடத் தெரியாதா?” என்று சீறுகிறவர்கள், பதினோராம் நாள் டெங்கு சொன்னவரிடம் “உடம்பைப் பாத்துக்கங்க” என்கிறார்கள். எதற்கு அடி, எதற்கு ஆதரவு என்று நாங்கள் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறோம். அடுத்த தடவை எதைச் சொல்வோம் என்று நினைக்கிறீர்கள்?

1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தை ஒருமுறை புரட்டிப் பார்த்தேன். வாக்குறுதி பெற்றவர் அதை நிறைவேற்றும் காலத்தை நீட்டிக்கலாம் என்கிறது 63ஆவது பிரிவு. அதாவது அவகாசம் அவர் கையில் இருப்பது, கேட்டு வாங்க வேண்டியது. கெடு தாண்டிய வேலையை ஏற்றுக்கொண்டவர், ஏற்கும்போதே அறிவிப்புக் கொடுக்காவிட்டால், அந்தத் தாமதத்துக்குப் பிறகு நஷ்டஈடு கேட்க முடியாது என்கிறது 55ஆவது பிரிவு. அந்தப் பழைய சட்டத்தின் மொழியில் தலைமையாசிரியரும் இல்லை, மாணவனும் இல்லை. வாக்குக் கொடுத்த ஒருவரும் வாங்கிய ஒருவரும் இருக்கிறார்கள். நாம்தான் ஒவ்வொரு கெடுவையும் பள்ளிக்கூடமாக மாற்றி, கை கட்டி நின்று, உடம்பு சூடாக இருப்பதாக முகத்தை வைத்துக்கொள்கிறோம்.

அடுத்த வேலைக்கு அதே மேடம் போன் செய்தார். 9,000 சொல். “எத்தனை நாள் சார்?” என்றார். “ஃபைலை அனுப்புங்க மேடம், கடைசிப் பக்கம் வரைக்கும் பாத்துட்டு நாளைக்குச் சொல்றேன்” என்றேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. வேலை கைநழுவிப் போகிறதோ என்று வயிற்றைப் பிசைந்தது. அனுப்புகிறேன் என்றார்.